ஷோபா கழற்றிய பேக் கேஸ்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் பாலசுந்தரம் அண்ணன் கடையில் பன்னிரண்டு வருஷம் போன் ரிப்பேர் பார்த்தவன் நான். என் பெயர் பரணி. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் போன் முதுகில் மாட்டும் பேக் கேஸ்கள் எத்தனையை உடைத்திருப்பேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கஸ்டமர் நீட்டுவார், நான் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகி நெம்புவேன், மூலையில் இருக்கும் லாக் பட்டென்று போகும். "பழசாயிடுச்சு அண்ணா, பிளாஸ்டிக் செத்துப்போச்சு" என்று சொல்லிப் புதுசு ஒன்றை எடுத்து மாட்டிவிடுவேன். பேரம் பேசுபவர்களிடம் கத்தியும் இருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் புத்தூர்ப் பக்கம் எங்கள் நைனாவுக்கும் அப்படித்தான்.

இந்தப் பெருமையெல்லாம் ஷோபா கடைக்கு வந்த பிறகு ஒரே மதியத்தில் போய்விட்டது.

அவளுக்குச் சொந்த ஊர் பாலசமுத்திரம் பக்கம் ஒரு காலனி. அவள் வீட்டில் யாருக்கும் ஒரு செண்ட் நிலம் கிடையாது, அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போனவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சென்னைக்கு மேற்கே புதிதாக வந்த வெளிநாட்டுப் போன் கம்பெனி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, திருத்தணி பஸ் ஏறிப் போய்விட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் எல்லைக் கிராமங்களிலிருந்து இப்படிப் பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஒரு அறையில் ஆறு பேர், மூன்று ஷிப்ட், ஒருத்தி எழுந்த பாயில் இன்னொருத்தி படுப்பாள். அவள் அனுப்பிய சம்பளத்தில் அவள் அப்பா முதன்முதலில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போட்டார்.

அங்கே எட்டு வருஷம். முதல் ஆறு வருஷம் லைனில் நின்று போனுக்குப் பின்மூடி மாட்டும் வேலை. வரிசையாகப் போன் வரும், மூடியை வைத்து நான்கு இடத்தில் அழுத்த வேண்டும், டக், டக், டக், டக். ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரம். அதற்குப் பிறகு ரீவொர்க் டேபிளில் போட்டார்கள். டெஸ்டில் ஃபெயிலான போன்களின் மூடியை லாக் உடையாமல் திறந்து உள்ளே அனுப்ப வேண்டும், லாக் உடைந்தால் திறந்தவள் பெயர் பலகையில் ஏறும். இரண்டு வருஷத்தில் தன் பெயர் மூன்று தடவைதான் ஏறியது என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ ஐஏஎஸ் பாஸ் பண்ணிய மாதிரி இருக்கும்.

பிறகு கம்பெனி மூடிவிட்டார்கள். அவள் திருப்பதிக்கு வந்தாள், மாமன் மகனைக் கல்யாணம் செய்துகொண்டாள், 2015இல் எங்கள் கடைக்கு வேலைக்கு வந்தாள். கவர் விற்கும் பக்கம் ஒரு பெண்பிள்ளை இருந்தால் பெண் கஸ்டமர் வருவார்கள் என்பது பாலசுந்தரம் அண்ணன் கணக்கு. எனக்குப் பிடிக்கவில்லை. "ஏய் கம்பெனிக்காரி" என்றுதான் கூப்பிடுவேன். அவள் திருப்பி, "இன்னா உடைப்புக்காரண்ணா" என்பாள். இரண்டு பேருக்கும் தமிழ் வீடு, கஸ்டமரிடம் தெலுங்கு. நடுவில் சண்டை போட வேண்டுமென்றால் மறுபடி தமிழுக்கு வந்துவிடுவோம். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சண்டைக்காகவே காலையில் ஷட்டர் தூக்க ஓடியிருக்கிறேன் போலிருக்கிறது.

நான் சொல்ல வந்தது 2017 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. மதியம் இரண்டரை இருக்கும். வெளியே மழை. பாலசுந்தரம் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், தலையை மொட்டையடித்துச் சந்தனம் பூசியவள், புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். கையில் போன். மூச்சு வாங்கியது.

"அண்ணா, அண்ணா... போன் பஸ்ல எறங்கும்போது கீழ உழுந்துச்சு. எடுத்துப் பாத்தா சிம்மு இல்லன்னு காட்டுது. கொஞ்சம் பாருங்கண்ணா. நாலு மணிக்கு எனக்கு ஒரு போன் வரணும்."

வாங்கிப் பார்த்தேன். திரை நன்றாகத்தான் இருந்தது. மேலே 'சிம் கார்டு இல்லை' என்று தெரிந்தது. விழுந்த அதிர்ச்சியில் உள்ளே சிம் நகர்ந்திருக்கும், எடுத்துத் துடைத்துப் போட்டால் சரியாகிவிடும், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அது பேட்டரி கழற்றுகிற மாடல். சிம் பேட்டரிக்கு அடியில் இருக்கும். பேட்டரிக்கு மேலே போனின் சொந்த மூடி. அதற்கு மேலே ஒரு ஹார்டு பேக் கேஸ், கெட்டிப் பிளாஸ்டிக். மலையடிவாரத்தில் அலிபிரி ரோட்டுக் கடைகளில் தொங்குமே, சங்கு, சக்கரம், நடுவில் திருநாமம் அச்சடித்தது, அந்த ரகம்.

கவுன்டர் மேல் போனைத் திரை மேலே தெரிய, சாமி படம் கீழே போக வைத்தேன்.

"அய்யய்யோ, சாமியக் கவுக்காதீங்கண்ணா!" என்று அவள் கையை நீட்டிப் போனைத் திருப்பி வைத்தாள்.

"சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு, திருப்பிய போனை அப்படியே பிடித்துக்கொண்டு மூலையில் நகத்தைக் கொடுத்தேன். அசையவில்லை. அழுத்திப் பார்த்தேன். ஊகூம். பேக் கேஸும் போனும் ஒன்றாக வார்த்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், நான்கு மூலைகளிலும் மஞ்சளாக ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது.

"இன்னாம்மா இது?"

"சந்தனம்ணா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெப்பேன். நாமத்து மேல வெக்கக் கூடாதுன்னு நாலு மூலையிலயும் வெப்பேன்."

"எத்தினி வருஷமா?"

"மூணு."

அடப் பாவமே என்று ஆகிவிட்டது எனக்கு. மூன்று வருஷத்து வெள்ளிக்கிழமை முழுக்க. லாக் எங்கே இருக்கிறதோ அந்த நான்கு மூலையில்தான் குழைத்த சந்தனத்தை வைத்திருக்கிறாள். இடுக்கில் இறங்கி, தூசியோடு சேர்ந்து சிமெண்டாகிவிட்டது. வேறு எந்த ஊர்க்காரிக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

"இத வெட்டித்தான் எடுக்கணும். கட்டர் வெச்சு அறுத்துடுறேன், புதுசு அதே நாமம் போட்டது தரேன், காசு வேணாம்" என்றேன். நானே காசு வேண்டாம் என்று சொன்னது கடைச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

"வேணாம்ணா! அது மட்டும் வேணாம்." அவள் போன் மேல் கையை வைத்து மறைத்தாள். "அவரு கையால போட்டது. அவரு வந்துதான் கழட்டணும்."

அப்புறம் சொன்னாள். அவள் பெயர் கிருஷ்ணம்மா, நகரி பக்கம். புருஷன் கோவர்த்தனன் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் போவதற்கு முதல் நாள் இரண்டு பேரும் மலைக்கு வந்தார்கள். அலிபிரியில் இந்தப் பேக் கேஸை வாங்கி, புதுப் போனில் அவனே அழுத்தி மாட்டி, "இத யாரும் தொறக்கக் கூடாது. நான் திரும்பி வந்து என் கையால கழட்டுவேன். அதுவரிக்கும் சாமி உன்கூட இருப்பாரு" என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல், அவளால் மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போக முடியவில்லை. வழியனுப்பாமல் விட்டதை மூன்று வருஷமாக நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள். வரும்போது ஏர்போர்ட் வாசலில் நிற்பேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

இப்போது அவன் வருகிறான். நாளைக்கா, நாளை மறுநாளா, பெங்களூரிலா, மெட்ராஸிலா எதுவும் தெரியாது. எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு இந்தத் தொல்லை எப்போதும் உண்டு, இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவில் கிடக்கிறோம். முதலாளி எந்த டிக்கெட் மலிவோ அதைத்தான் எடுப்பார். அவன் போன் கெட்டுப்போய் மாதமாகிறது. யாராவது ஒருத்தர் போனை இரவல் வாங்கிப் பேசுவான், ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர். "செவ்வாக்கெழம நாலு மணிக்கு டிக்கெட்டு கைக்கு வந்துடும், அப்பவே சொல்றேன்" என்று போன வாரம் சொன்னான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் இவளுடையது. அவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நேற்று படியேறி முடி கொடுத்து, இன்றைக்கு பஸ்ஸில் இறங்கும்போது போனைப் போட்டுவிட்டாள்.

"அந்தப் போனு வரலன்னா நான் எந்தூர்ல போய் நிப்பேன் சொல்லுங்கண்ணா?"

 எனக்குக் கை சும்மா இருக்காது. சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். வால்யூம் பட்டன் பக்கம் பேக் கேஸில் ஒரு வெட்டு இருக்கும், அங்கே விளிம்பு மெல்லிசாக இருக்கிறது, சுலபமாக வளையும் என்று என் மூளை. அந்த மேல்மூலையில் சொருகி லேசாகத்தான் நெம்பினேன். 'க்ரக்' என்றது. லாக் இருந்த இடத்தில் முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு ஓடிவிட்டது.

கிருஷ்ணம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னாலிருந்து என் மணிக்கட்டில் பளீரென்று ஓர் அடி. ஷோபா. கவர்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை.

"ஏண்ணா, உனக்கு அறிவுகீதா? பட்டன் பக்கத்துலயா கைய வெப்ப? அங்கதான் பிளாஸ்டிக்கே இல்ல, வெட்டி உட்டுகீறான். அத்த நெம்புனா ஒடையாம இன்னா பண்ணும்? கொண்டா இங்க!"

வேறு நேரமாக இருந்தால் நானும் கத்தியிருப்பேன். அன்றைக்குப் போனை அவளிடம் கொடுத்துவிட்டேன். தப்பு என்மேல்.

அவள் போனை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "கோடுதான், இன்னும் ஒடையல. இனி அந்தப் பக்கம் தொடவே கூடாது" என்றாள். போனை ஆஃப் செய்தாள். கிருஷ்ணம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்தாள். "அக்கா, மணி இன்னும் மூணு கூட ஆவல. டைம் கீது. நீ அழாத, நீ அழுதா எனக்கு வேல ஓடாது" என்றாள். போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி மேலே பார்க்கும்படியே பிடித்துக்கொண்டாள்.

நான் என் தப்பைச் சரிக்கட்ட, சட்டென்று தின்னர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். எங்கள் வேலையில் எந்தப் பிசின் என்றாலும் முதலில் கை அதற்குத்தான் போகும்.

"அத்த அப்பால வெய்யி. தின்னர் பட்டா நாமம் அழிஞ்சிடும், பிளாஸ்டிக்கும் வெடிச்சிடும். இது கோந்தாண்ணா? சந்தனம். தண்ணில கரைஞ்சது தண்ணிக்கே வரும்."

காது குடைகிற பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தொட்டு, விரலால் நன்றாகப் பிழிந்துவிட்டு, ஈரம் மட்டும் மிச்சமிருக்க மூலையில் வைத்து ஒற்றினாள். சொட்டு உள்ளே இறங்கக் கூடாது. ஒரு மூலைக்கு ஐந்தாறு குச்சி. ஊறிய பிறகு பல்குத்தும் மரக்குச்சியால் இடுக்கில் மெதுவாகச் சுரண்டி, பழைய டூத் பிரஷால் தள்ளினாள். மஞ்சள் மாவாக வந்தது. கடை முழுக்கச் சந்தன வாசனை. மழை, சந்தனம், எதிர்க்கடை டீ, இந்த மூன்றும் எப்போதாவது சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் அந்த மதியம்தான் ஞாபகத்துக்கு வரும்.

கீறல் விழுந்த மூலையை மட்டும் குச்சியால் தொடாமல் பஞ்சால் ஒற்றி ஒற்றியே எடுத்தாள். அதற்கே கால் மணி நேரம் போனது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. கிருஷ்ணம்மா உதடு அசைந்துகொண்டேயிருந்தது, கோவிந்தா கோவிந்தா என்று.

"இப்ப வந்துடுமா?" என்றேன்.

"குளுருல பிளாஸ்டிக் வெறச்சிக்கினு கீது. வளையாது. சூடா ஒரு டீ வாங்கினு வா."

"இந்த நேரத்துல உனக்கு டீ கேக்குதா?"

"எனக்கில்ல, போனுக்கு! போண்ணா!"

ஓடிப்போய் வாங்கிவந்தேன். டீ கிளாஸைத் துணியில் சுற்றி, சூடு கைபொறுக்கிற அளவுக்கு இருக்கிறதா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பட்டன் இல்லாத பக்கத்து மேல்மூலையில் அணைத்து வைத்தாள். இரண்டு நிமிஷம். எடுத்து, அதே பக்கத்துக் கீழ்மூலையில் இரண்டு நிமிஷம். அப்புறம் அந்த டீயை கிருஷ்ணம்மாவிடம் கொடுத்து, "குடி அக்கா, காலையில இருந்து ஒண்ணும் துன்னிருக்க மாட்ட" என்றாள்.

மேசை டிராயரில் பழைய சிம் கார்டை உடைத்து எடுத்த பிளாஸ்டிக் அட்டைகள் கிடக்கும். ஒன்றை எடுத்து முனையைக் கத்தரியால் உருண்டையாக நறுக்கினாள். அதைத் திரைப் பக்கமாக அடியிலிருந்து, பேக் கேஸின் விளிம்புக்கும் போனுக்கும் நடுவில் மெல்ல நுழைத்தாள். பட்டன் இல்லாத பக்கத்து மேல்மூலை அது. விரல்நுனியை விளிம்புக்கு அடியில் மடக்கினாள்.

"நீ எல்லாம் மேல தூக்குவ. லாக்கு போனோட முன்னோரத்தக் கவ்விக்கினு கீது, மேல தூக்குனா இன்னும் கவ்வும். வெளிய இழுக்கணும், பக்கவாட்டுல. அது வாயத் தொறந்ததும் போனைத் தள்ளணும்." சொல்லிக்கொண்டே விளிம்பை வெளிப்பக்கமாக இழுத்து, இன்னொரு கையின் கட்டைவிரலால் போனின் ஓரத்தை எதிர்ப்பக்கம் தள்ளினாள்.

'டப்' என்று சின்னச் சத்தம்.

கிருஷ்ணம்மா கண்ணை இறுக்கிக்கொண்டாள். நானும்தான்.

"ஒடையல. கண்ணத் தொற அக்கா" என்றாள் ஷோபா. அட்டையை எடுக்கவில்லை, எடுத்தால் லாக் மறுபடி உட்கார்ந்துவிடும். அப்படியே விட்டுவிட்டு இன்னோர் அட்டையால் அதே பக்கத்துக் கீழ்மூலைக்குப் போனாள். அது வர மறுத்தது. மறுபடி டீ கிளாஸை வாங்கிச் சூடு காட்டினாள். நெற்றியில் வேர்வை. மணி மூன்று முப்பத்தைந்து. ஒரு இழு, ஒரு தள்ளு, 'டப்'.

இனி பட்டன் பக்கத்து இரண்டு லாக் பாக்கி, அதில் ஒன்று கீறல் விழுந்தது.  ஆனால் அவள் அந்தப் பக்கம் விரலே வைக்கவில்லை. திறந்த பக்கத்தைக் கொஞ்சம் விலக்கி, போனைச் சாய்த்து, அந்த லாக்குகளின் பிடியிலிருந்து இந்தப் பக்கமாகப் போனை உருவினாள், தலையணை உறையிலிருந்து தலையணையை உருவுகிற மாதிரி. வந்துவிட்டது. நான்கு லாக்கும் நான்காகவே இருந்தது.

பிறகு என்ன, மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்து, சிம்மை உலர்ந்த துணியால் துடைத்துச் சரியாக உட்கார்த்தி, போனை ஆன் செய்தேன். அந்த வேலையை எனக்கு விட்டுக்கொடுத்தாள். சிக்னல் கோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது. மணி மூன்று ஐம்பது. கிருஷ்ணம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தாள். "என்னயில்லம்மா, அவள" என்றேன். அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

நான்கு மணி ஆனது. வரவில்லை. நான்கு ஐந்து. மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கவர் கேட்டு வந்த ஒருத்தரை நான் விரட்டிவிட்டேன். நான்கு பன்னிரண்டுக்கு நீளமான ஒரு நம்பர் வந்தது.

"ஆங்... நான்தான்... சொல்லு... பெங்களூரா? நாளிக்குக் காலீல ஆறா? வரேன்... வாசல்லயே நிப்பேன்... மொட்டையா கீறேன், அடையாளம் தெரியாம போய்டப் போற!" என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

பேசி முடித்ததும் அவள் கண் கவுன்டர் மேல் இருந்த வெறும் பேக் கேஸின் மேல் விழுந்தது. முகம் வாடிவிட்டது. "அவரு வந்துதான் கழட்டணும்னு சொன்னாரு. நான் வாக்கக் காப்பாத்தலியே."

ஷோபா பேக் கேஸைத் துடைத்தாள். பட்டன் பக்கத்தை முதலில் அந்த இரண்டு லாக்குகளுக்கு அடியில் செருகினாள், மறுபக்கத்தை உள்ளங்கையால் அழுத்தினாள். டக். டக். கம்பெனியில் எட்டு வருஷம் பழகிய கை. "யாரு கழட்டுனாங்க? யாருமே கழட்டல. அவர் போட்டபடியே கீது. பரணியண்ணா, நீ எதுனா பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன், டீ வாங்கப் போயிருந்தேன்" என்றேன்.

கிருஷ்ணம்மா அந்த மழையிலேயே சித்தூர் பஸ்ஸுக்கு ஓடினாள். சித்தூர், பலமனேர் வழியாக ராத்திரிக்குள் பெங்களூர் போய்ச் சேர்ந்திருப்பாள்.

கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அவள் வந்தாள், கூடவே கோவர்த்தனன். நல்ல உயரம், வெயிலில் கறுத்தவன், அத்தர் வாசனை, கையில் பேரீச்சம்பழ டப்பா. தரிசனத்துக்குப் போகிற வழியில் சிம் ரிப்பேர் பண்ணிக் கொடுத்த கடைக்கு நன்றி சொல்ல வந்தானாம்.

"சிம்மு எப்படி எடுத்தீங்க? கவர் மாட்டிக்கினு இருக்குமே?" என்று அவன் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்கவில்லை. அவன் மனசில் வேறு ஒன்று இருந்தது.

"இத மலைக்குப் போறதுக்கு முன்ன, வாங்குன ஊர்லயே கழட்டணும்னு கொண்டாந்துட்டேன். உங்க கடையிலயே கழட்டுறேன், நீங்களும் நல்லவங்க" என்று போனை எடுத்தான். திரை தன் பக்கம் இருக்க, வலதுகைக் கட்டைவிரல் நேராக எங்கே போனது என்றால், பட்டன் பக்கத்து மேல்மூலைக்கு. அந்த வெள்ளைக் கோட்டுக்கு.

 நான் 'ஏய்' என்று கத்த வாயெடுத்தேன்.

ஷோபா சாதாரணமாகச் சொன்னாள்: "அண்ணா, சாமியக் கவுத்துப் புடிக்காதீங்க."

"அட, ஆமாம்ல!" என்று அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு போனைத் திருப்பினான். நாமம் மேலே வந்தது. மறுபுறம் திரும்பியதால் இப்போது வலதுகைக்குக் கிடைத்தது பட்டன் இல்லாத பக்கம். விரல்நுனியை அடியில் மடக்கி இழுத்தான். டப். கீழ்மூலை, டப். சந்தனம் இல்லாத லாக் சமர்த்தாக விட்டுக்கொடுத்தது, பேக் கேஸ் முழுசாக அவன் கைக்கு வந்தது.

அவன் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா கிஷ்ணா! மூணு வருஷம் ஒருத்தருக்கும் அசையாம இருந்துச்சு. என் கை பட்டதும் வந்துடுச்சு பாத்தியா!" என்றான். கண் கலங்கியிருந்தது.

"ஆமா மாமா" என்றாள் கிருஷ்ணம்மா. ஷோபாவைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

எனக்கு வாய் நமநமவென்று அரித்தது. இவன் கையாம், இவன் கை பட்டதுமாம்! ஒரு டீ, இருபது பஞ்சுக் குச்சி, ஒன்றேகால் மணி நேரம், ஒருத்தியின் எட்டு வருஷம். ஆனால் என் ஜென்மத்தில் அன்றைக்கு ஒருநாள் நாக்கை அடக்கினேன்.

அவர்கள் போன பிறகு ஷோபா பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னா இப்ப?" என்றேன். "அவன் பேரத் தட்டிக்கினு போய்ட்டான்னா?"

"ச்சீ, அதில்ல. கம்பெனில ஒரு ஷிப்டுக்கு ரெண்டாயிரம் மூடி மாட்டுனேண்ணா. ஆறு வருஷத்துல எத்தினி லட்சமோ. எல்லாம் எந்தெந்த தேசத்துக்கோ போச்சு. எவன் வாங்குனான், எவன் தொறந்தான், தொறக்கும்போது அவன் மூஞ்சி எப்டி இருந்துச்சுன்னு ஒருநாளும் பாத்ததில்ல. இன்னிக்குதான் பாத்தேன்."

பேரீச்சம்பழக் கொட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். வாசலில் ஒரு கஸ்டமர் நின்றுகொண்டிருந்தார், கையில் டைட்டான ஒரு பேக் கேஸ். நான் ஸ்க்ரூ டிரைவரை மேசைக்குள் போட்டுவிட்டு, டீ வாங்கிவரப் போனேன்.